ராஜினாமாக் கடிதத்தில் எதை எழுதுவது?

(மைசூரில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி என்னிடம் வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். "அண்ணா, நாளைக்கு வேலையை விடுறேன். இந்த லெட்டர்ல தப்பு ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்றார். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வாங்கினேன். படித்தபிறகு அப்படிப் போக முடியவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவர் யார், எங்கே வேலை செய்கிறார் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். தொழில், தேதி எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்லுகிறேன். இது மரியாதைக்காக மட்டும் அல்ல. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிய 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 16-வது பிரிவு, புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் புகாரில் இருப்பதையும் பத்திரிகையிலோ பொதுவிலோ வெளியிடக் கூடாது என்கிறது. நாம் சங்கத்து ஆட்கள். அநியாயம் என்று கேட்டவுடன் தட்டி எழுதி வாசலில் மாட்டித்தான் பழக்கம். சம்பளப் பாக்கிக்கு அது சரி. இந்த விஷயத்தில் நாம் மாட்டும் தட்டி, நாம் காப்பாற்ற நினைக்கும் பெண்ணையே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தாளில் இருந்ததைச் சொல்லுகிறேன். "எங்கள் சூப்பர்வைசர் ஒழுக்கம் கெட்டவர். பல பெண்களின் வாழ்க்கையைக் கெடுத்தவர். நான் புகார் கொடுத்தேன். மேனேஜர் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு புகாரை மூடி மறைத்துவிட்டார். அதனால் என்னை நைட் ஷிப்டுக்குத் தள்ளினார்கள். எனக்கு நீதி கிடைக்காததால் வேலையை விடுகிறேன்." ஏறக்குறைய இவ்வளவுதான்.

இதில் பொய் இருக்கிறதா? இல்லை என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் நம்புவது என் வேலை. அந்தக் கடிதம் என்னோடு நிற்கப்போவதில்லை. அது நிர்வாகத்தின் மேஜைக்குப் போகும், பிறகு ஒரு கமிட்டிக்குப் போகும், ஒருவேளை வக்கீல் கைக்குப் போகும். அங்கே ஒருவர் சிவப்பு மையால் கோடு போட்டு ஒவ்வொரு வரியாகக் கேட்பார்: "பல பெண்கள் என்றால் யார் யார்? பணம் வாங்கியதை நீங்கள் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. அப்படியானால் அந்த இரண்டு வரியும் விழும். அவை விழும்போது, அவர் கண்ணால் கண்டு உடம்பால் அனுபவித்த விஷயமும் சேர்ந்து ஆட்டம் காணும். நிர்வாகத்துக்கு வேண்டியது அதுதான்.

இந்த இடத்தில், கீழே உட்கார்ந்திருக்கும் உங்களையும் என்னையும் விடச் சட்டம் அதிகம் தெரிந்த ஒரு பெண்மணியின் வழக்கைச் சொல்லியாக வேண்டும். அவர் நீதிபதி. மத்தியப் பிரதேசத்தில் குவாலியர் நகரத்தில் கூடுதல் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். உச்சநீதிமன்றத் தீர்ப்பிலே அவர் பெயர் "எக்ஸ்" என்றுதான் இருக்கிறது. நாமும் அப்படியே விட்டுவிடுவோம். வேடிக்கையைப் பாருங்கள்: பெண்களின் இத்தகைய புகார்களை விசாரிக்க அந்த மாவட்டத்தில் அமைந்த விசாகா கமிட்டிக்கே அவர்தான் தலைவி.

2014 ஜூலையில், பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு, வருஷ நடுவிலே, அவரைக் குவாலியரிலிருந்து ஸீதி என்ற தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடியும்வரை எட்டு மாதம் அவகாசம் கொடுங்கள் என்று மனுப்போட்டார். தள்ளுபடி. மறுபடியும் மனுப்போட்டார். அதுவும் தள்ளுபடி. இதெல்லாம் ஒரு வாரத்துக்கு உள்ளே. ஜூலை 15-ம் தேதி ராஜினாமாக் கொடுத்தார். 17-ம் தேதி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நம் ஆபீசில் ஒரு லீவு மனுவுக்குப் பதில் வரவே ஒரு வாரம் ஆகும். ராஜினாமா மட்டும் இரண்டே நாளில் ஏறி இறங்கிவிட்டது!

ஆகஸ்ட் மாதம் அவர் ஜனாதிபதிக்கும் இந்தியத் தலைமை நீதிபதிக்கும் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கும் எழுதினார். ஓர் உயர்நீதிமன்ற நீதிபதி தமக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார், இணங்காததால் இடமாற்றம் வந்தது என்பது அவர் புகார். விஷயம் பெரிதாயிற்று. ராஜ்யசபை உறுப்பினர்கள் 58 பேர் அந்த நீதிபதியைப் பதவி நீக்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் கமிட்டி அமைந்தது. அதன் அறிக்கை 2017 டிசம்பரில் சபையில் வைக்கப்பட்டது. அறிக்கை என்ன சொல்லிற்று? நீதிபதி மீதான தொல்லைக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று சொல்லிற்று. எனவேதான் அவர் பெயரையும் நான் இங்கே உச்சரிக்கவில்லை. நிரூபணமாகாத குற்றத்தை மேடையில் ஏறி ஒருவர் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

இதோடு எல்லாம் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? முடியவில்லை. அதே அறிக்கை இன்னொன்றும் சொல்லிற்று: அந்த இடமாற்றம் முறைப்படி நடக்கவில்லை, அந்த அம்மையார் விரும்பினால் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும் என்று. உயர்நீதிமன்றம் சேர்க்க மறுத்தது. அவர் உச்சநீதிமன்றம் போனார். 2022 பிப்ரவரி 10-ம் தேதி நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் இருவரும் தீர்ப்பளித்தார்கள். பாலியல் தொல்லை நடந்ததா இல்லையா என்ற கேள்விக்குள் அவர்கள் போகவில்லை. கேட்ட கேள்வி ஒன்றே: இந்த ராஜினாமா மனமொப்பிக் கொடுத்ததா? இல்லை என்று சொன்னார்கள். தாயாக இருப்பதா, நீதிபதியாக இருப்பதா என்ற இக்கட்டில் மாட்டி, வேறு வழி இல்லாமல் விலகியிருக்கிறார். அதை மனமொப்பிய ராஜினாமா என்று சொல்ல முடியாது. எனவே ராஜினாமாவை ஏற்ற உத்தரவு செல்லாது. உடனே வேலையில் சேர்க்க வேண்டும், 2014 ஜூலை 15 முதல் சர்வீஸ் தொடர்ச்சி உண்டு. ஆனால் அந்த ஏழரை வருஷச் சம்பளம் கிடையாது.

எதிர்த்தரப்பில் சொன்ன வாதம் நமக்குப் பாடம். சட்டம் படித்தவர், நீதிபதி, யோசித்துத்தான் எழுதிக் கொடுத்தார், இப்போது மாற்றிப் பேசுகிறார் என்றார்கள். ஒரு நீதிபதியிடமே அப்படிச் சொன்னார்கள் என்றால், பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற நம் பெண்ணிடம் என்ன சொல்வார்கள்?

இப்போது கவனியுங்கள். அவரை மீட்டது எது? அறைக்குள் நடந்ததைப் பற்றிய குற்றச்சாட்டு அல்ல. அதற்குச் சாட்சி கிடைப்பது எங்கேயும் கடினம். நடந்தது பொய் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, நிரூபணமாகவில்லை என்று சொன்னார்கள், இரண்டும் வேறு. மீட்டது தேதிகள். இடமாற்ற உத்தரவு, முதல் மனு, மறுப்பு, இரண்டாம் மனு, மறுப்பு, ராஜினாமா, ஏற்பு. இவை எல்லாம் கோப்பிலே இருந்தன. எட்டு வருஷம் ஆனாலும் காகிதம் மாற்றிப் பேசாது. ஒவ்வொரு மறுப்புக்கும் முன்னால் அவருடைய எழுத்து மூலமான வேண்டுகோள் ஒன்று இருந்தது. வாயால் கேட்டு, வாயால் மறுத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

நான் ரயில்வே கிளார்க். ஸ்டேஷனில் ரயில் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு வந்தது, போனது என்று அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். ஒரு விபத்து நடந்தால் விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அதில் "டிரைவர் கவனக்குறைவாக வந்தார்" என்று எவனாவது எழுதினால் அது அவன் அபிப்பிராயம். குறுக்கு விசாரணையில் கிழிந்துபோகும். "சிவப்பு சிக்னல், வண்டி 14.32-க்குத் தாண்டியது" என்று எழுதியிருந்தால் அதை எவரும் அசைக்க முடியாது. கவனக்குறைவு என்ற முடிவுக்கு விசாரணை அதிகாரியே வரட்டும். அந்தச் சொல்லை அவர் வாயில் வரவைப்பது நம் சிக்னல் நேரம்.

அந்தச் சகோதரியை உட்கார வைத்து இதைத்தான் செய்தோம். முதலில் ராஜினாமாவை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நோட்டில் நடந்தவற்றை எழுதச் சொன்னேன். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டோம்: நானே பார்த்தது அல்லது எனக்கே நடந்தது, பிறர் என்னிடம் சொன்னது, நானாக நினைப்பது. "பல பெண்களைக் கெடுத்தவர்" என்பது இரண்டாவது கட்டத்துக்குப் போயிற்று. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் பெயர் சொன்னார். இருவரும் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டவர்கள். அவர்கள் தாங்களாகச் சொல்ல முன்வந்தால் அது அவர்களுடைய சாட்சி. நாம் அவர்கள் பெயரை எழுதினால், அது அவர்கள் சம்மதமில்லாமல் அவர்களைச் சந்திக்கு இழுப்பது. மேனேஜர் பணம் வாங்கினார் என்பது மூன்றாவது கட்டம். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்றேன். "இல்லாட்டி ஏன் அண்ணா ஒன்றுமே செய்யாம இருக்கார்?" என்றார். கேள்வி நியாயமானது. ஆனால் செய்யாமல் இருந்தார் என்பதுதான் நமக்குத் தெரிந்தது. அது முதல் கட்டத்தில் இருக்கட்டும். ஏன் என்பது நமக்குத் தெரியாது.

முதல் கட்டம் நிறையத் தொடங்கியது. மார்ச் 4-ம் தேதி, மத்தியான ஷிப்டு, ஸ்டோர் ரூம் வாசல், சுமார் நான்கு மணி, டீ மணி அடிப்பதற்கு முன். அவர் சொன்ன வார்த்தை கன்னடத்தில். அதைத் தமிழாக்கி எழுத வேண்டாம், கன்னடத்தில் சொன்னது சொன்னபடி தமிழ் எழுத்திலாவது எழுதுங்கள், கீழே அர்த்தம் எழுதுங்கள் என்றேன். "ஆபாசமாகப் பேசினார்" என்று எழுதினால் அது முடிவு. கூசினாலும் அந்த வார்த்தையே வேண்டும். எங்கே கை வைத்தார், நீங்கள் என்ன சொன்னீர்கள், உடனே எங்கே போனீர்கள், முதலில் யாரிடம் சொன்னீர்கள்? தையல் மிஷின் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னதாகச் சொன்னார். அந்த அக்கா தொல்லையைப் பார்த்தவர் அல்ல. ஆனால் அன்று நான்கேகால் மணிக்கு இவர் அழுததையும் சொன்னதையும் அவர் கண்டவர், கேட்டவர். அதற்கு மதிப்பு உண்டு.

அதற்கு முந்திய சம்பவம் ஒன்றுக்குத் தேதி நினைவில்லை. பிப்ரவரி 12 என்று போட்டுவிடலாமா என்றார். கூடாது. அந்தத் தேதியில் அவர் லீவிலே இருந்ததாக மஸ்டர் ரோல் காட்டினால் மொத்தமும் பொய் என்று ஆகிவிடும். "பிப்ரவரி மாதம், சம்பளம் போட்ட மறுநாள் என்று நினைவு, சரியான தேதி தெரியவில்லை" என்றே எழுதினோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய தாளில், தெரியும் என்று எழுதியது நிற்கும். போனில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள், நல்லதை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். இவர் "சரி சார்" என்று பதில் போட்டிருக்கிறார், அது பாதகமாகத் தெரியலாம். தெரியட்டும். முழுவதும் இருக்கட்டும். அரைகுறையாக வெட்டிக் கொடுத்தது வெளிப்பட்டால்தான் மோசம்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். அதில் எனக்கு மிகவும் பிடிக்காத சொல் ஒன்று இருந்தது. கெட்ட வார்த்தை அல்ல. "அதனால்" என்ற சொல். "புகார் கொடுத்தேன், அதனால் நைட் ஷிப்டுக்குத் தள்ளினார்கள்." இந்த "அதனால்" தான் குற்றச்சாட்டு. உற்பத்தித் தேவைக்காக மாற்றினோம் என்று நிர்வாகம் ஒரு காகிதத்தை நீட்டும். புகார் 6-ம் தேதி, ஷிப்டு மாற்றம் 9-ம் தேதி. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வையுங்கள். "அதனால்" என்பதைப் படிக்கிறவர் தம் மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

கடைசியில் கடிதம் இப்படி ஆயிற்று. படிக்கிறேன்:

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் பேக்கிங் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் பிரிவு மேற்பார்வையாளரின் நடத்தை குறித்து மார்ச் 6-ம் தேதி எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து என் நகலில் உள்ளது. மார்ச் 9-ம் தேதி முதல் எனக்கு இரவு ஷிப்டு போடப்பட்டது; காரணம் எழுத்தில் தரப்படவில்லை. மார்ச் 20-ம் தேதியும் ஏப்ரல் 3-ம் தேதியும் நினைவூட்டுக் கடிதம் கொடுத்தேன். இன்றுவரை எனக்கு எழுத்து மூலமான பதில் வரவில்லை. விசாரணைக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. புகார்க் கமிட்டி உறுப்பினர்கள் யார் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அதே மேற்பார்வையாளரின் கீழ் தொடர்ந்து வேலை செய்ய என்னால் இயலவில்லை. இந்தக் காரணத்தால் ஏப்ரல் 30-ம் தேதி வேலைநேர முடிவிலிருந்து பணி விலகுகிறேன். இந்த விலகல் என் புகாரைத் திரும்பப் பெறுவது ஆகாது. அதன் மேல் சட்டப்படி விசாரணை நடத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்."

சூடு இல்லை என்று முன்வரிசைத் தோழர் ஒருவர் முகம் சுளிக்கிறார். உண்மைதான். இதில் ஒரு வசவு கூட இல்லை. ஆனால் நிர்வாகம் எந்த வரியை மறுக்கும் என்று சொல்லுங்கள் பார்ப்போம். பதில் கொடுத்தோம் என்று சொல்ல வேண்டுமானால் பதிலைக் காட்ட வேண்டும். விசாரித்தோம் என்றால் நோட்டீசைக் காட்ட வேண்டும். "புகார் ஒன்றுக்கும் நடவடிக்கை இல்லை" என்று எழுதியிருந்தால் நமக்குத் தெரியாமல் ஏதோ நடந்திருக்கக் கூடும். "எனக்குப் பதில் வரவில்லை, என்னை அழைக்கவில்லை" என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவ்வளவு சின்ன வித்தியாசம்தான்.

மேற்பார்வையாளர் என்ன செய்தார் என்ற விவரம் இந்தக் கடிதத்தில் ஏன் இல்லை என்றும் கேட்கலாம். அது புகாரில் முழுமையாக இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் டைப்பிஸ்ட் முதல் கணக்குப் பிரிவு வரை பத்துக் கை மாறும். புகார் அதை விசாரிக்க அதிகாரம் உள்ளவர் கைக்கு மட்டுமே போக வேண்டும். அவதூறு என்று நிர்வாகம் மிரட்டுவது வழக்கம். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது; பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. அதே விஷயத்தை ஆலை வாசலில் நோட்டீசாக அடித்துக் கொடுத்தால் அந்த விதிவிலக்கு நம்மைத் தாங்காது. இன்னொரு மிரட்டலும் உண்டு: "நிரூபிக்காவிட்டால் உன் மேல்தான் நடவடிக்கை." அது பாதிப் பொய். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால்தான் நடவடிக்கை. நிரூபிக்க முடியாமல் போவது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது என்று 2013 சட்டத்தின் 14-வது பிரிவு சொல்லுகிறது.

இனி, நிர்வாகம் செய்யும் ஒரு தந்திரம். அந்தச் சகோதரி கடிதம் கொண்டுபோனபோது பர்சனல் ஆபீசில் அதை வாங்கவில்லை. அச்சடித்த பாரம் ஒன்றை நீட்டினார்கள். "காரணம்" என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று ஏற்கெனவே அச்சாகி இருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் சம்பளப் பாக்கியும் பி.எப். தாளும் உடனே என்றார்கள். நம் பெண்கள் எத்தனை பேர் அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டி சேலம் பஸ் ஏறியிருக்கிறார்கள்! அந்த இரண்டு சொல்லுக்குக் கீழே போட்ட கையெழுத்துதான், பின்னால் எத்தனை உண்மை சொன்னாலும் எதிரே வந்து நிற்கும். இவர் "சொந்தக் காரணம்" என்பதை அடித்து, "என் ஏப்ரல் மாதக் கடிதத்தில் உள்ள காரணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தைத் தபாலிலும் அனுப்பினார். பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் கொடுத்ததற்கான விவரத்தையும் சேர்த்து வைத்தால் போதும்.

ஏன் "இன்று முதல்" என்று எழுதாமல் ஏப்ரல் 30 என்று ஒரு தேதி போட்டோம்? 1977-ல் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஆகஸ்ட் 1-ம் தேதி முதல் விலகுவதாக மே மாதமே எழுதிவிட்டு, ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார். செல்லும் என்று 1978-ல் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. விலகல் நடைமுறைக்கு வரும் தேதி வரும்வரை மனம் மாறலாம் என்பது அதன் அடிப்படை. தனியார் வேலையில் நியமனக் கடிதத்தின் நிபந்தனையும் உண்டு, ஆகவே அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இடையில் நாள் இருந்தால் யோசிக்க இடம் உண்டு, நிர்வாகமும் யோசிக்கும். குவாலியர் அம்மையாருக்கு இரண்டு நாள்தான் கிடைத்தது.

ராஜினாமா செய்யலாமா கூடாதா என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு விருப்பம் இருந்தது. விசாரணை நடக்கும்போது மூன்று மாதம் வரை லீவு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்கலாம், வேலையில் இருந்துகொண்டு போராடுவதுதான் பலம் என்றெல்லாம் விளக்கினேன். "நைட் ஷிப்டு முடிஞ்சு அதே ஸ்டோர் ரூம் வழியா நான்தானே அண்ணா நடக்கணும்" என்றார். எனக்குப் பதில் இல்லை. "விடாதே, போராடு" என்று சொல்லிவிட்டு ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போகிற நம்மைப்போன்றவர்கள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது நல்லது.

அவருடைய விவகாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். காரணம் முன்பே சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. "வேலையை விட்டபிறகு புகார் கொடுக்கலாமா? புகாரைத் தமிழில் எழுதினால் வாங்குவார்களா?" நல்ல கேள்விகள்.

கொடுக்கலாம். இப்போது வேலையில் இருப்பவர் மட்டும்தான் புகார் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கெடு உண்டு: சம்பவம் நடந்து மூன்று மாதம். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் காட்டினால் இன்னொரு மூன்று மாதம் வரை கமிட்டி நீட்டிக்கலாம். நீட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் கமிட்டி இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடமானாலும், முதலாளி மேலேயே புகார் என்றாலும் மாவட்டத்தில் உள்ள லோக்கல் கமிட்டிக்குப் போக வேண்டும். புகாரும் ஆதாரமும் சாட்சிகள் பெயர் விலாசமும் சேர்த்து ஆறு பிரதி. எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுக்க உதவுவது கமிட்டியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. தமிழில் எழுதுங்கள், உங்கள் வார்த்தை உங்கள் பாஷையில் முதலில் பதிவாகட்டும். கூடவே கன்னடத்திலோ இங்கிலீஷிலோ ஒரு மொழிபெயர்ப்பு வைத்துவிட்டால் அவர்களுக்கும் சாக்குச் சொல்ல இடமில்லை. மொழிபெயர்க்க நம் சங்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாளை அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது, நான் உட்பட.

நான் சொன்ன கதையில் கடைசிச் சம்பவம் மார்ச் 4. ராஜினாமா ஏப்ரல் 30. அதுவரை எழுத்துப் புகாரே கொடுக்காமல் இருந்திருந்தால் கூட, ஜூன் முதல் வாரம் வரை நாள் இருக்கிறது. ஊருக்குப் போய், அம்மாவிடம் சொல்லி அழுது, தேறி, எழுத உட்காருவதற்கு ஐந்து வாரம்.